நான்கு பேட்டரி, மூன்று வழி: 12, 24, 48 வோல்ட்டில் எதைத் தேர்வது?

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் ஒரு வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். மின்வாரியக் கம்பம் இன்னும் அங்கே வரவில்லை. வீட்டில் ஒரு சிறிய ஃபிரிட்ஜ், 30 வாட் ஃபேன் மூன்று, எல்.இ.டி. விளக்குகள், ஒரு டி.வி., 750 வாட் மிக்ஸி, தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற அரை எச்.பி. மோட்டார் ஆகியவை உண்டு. கணக்குப் போட்டால் ஒரு நாளைக்குச் சுமார் 3 யூனிட் செலவாகும். ஈய-அமில டியூபுலர் பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்காமல் இருந்தால்தான் அது நீடித்து உழைக்கும். ஆகவே 6 யூனிட்டுக்குக் குறையாத சேமிப்பு வேண்டும். 12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரி ஒன்றில் 12 × 150 = 1,800 வாட்-மணி நிற்கும். நான்கு வாங்கினால் 7,200 வாட்-மணி, அதாவது 7.2 யூனிட். தேவைக்குப் போதும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும்.

இந்த நான்கையும் மூன்று விதமாகக் கட்டலாம். பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்து நான்கையும் பக்க இணைப்பில், அதாவது பேரலலில் கட்டினால் 12 வோல்ட், 600 ஏ.எச். கிடைக்கும். இரண்டிரண்டாகத் தொடர் இணைப்பில், அதாவது சீரிஸில் கட்டி, அந்த இரண்டு வரிசைகளையும் பேரலலில் சேர்த்தால் 24 வோல்ட், 300 ஏ.எச். நான்கையும் ஒரே வரிசையாக, ஒன்றின் மைனஸை அடுத்ததன் பிளஸ்ஸுக்குக் கொடுத்துக் கட்டினால் 48 வோல்ட், 150 ஏ.எச். மூன்றிலும் சேமிப்பு அதே 7.2 யூனிட்தான். 48-இல் 150 ஏ.எச்.தானே இருக்கிறது, 12-இல் 600 கிடைக்கிறதே என்று பலர் மயங்குவது இந்த இடத்தில்தான். ஏ.எச்.சை மட்டும் வைத்து இரண்டு அமைப்புகளை ஒப்பிடக்கூடாது. வோல்ட்டால் பெருக்கிய பிறகே ஒப்பிட வேண்டும்.

சேமிப்பில் வித்தியாசமில்லை என்றால் எதில்தான் வித்தியாசம்? கேபிளில் ஓடும் கரண்டில்.

கரண்டைக் கணக்கிடுங்கள்

மிக்ஸியும் மோட்டாரும் ஃபிரிட்ஜும் ஃபேன்களும் ஒரே நேரத்தில் ஓடினால் இந்த வீட்டின் சுமை ஏறக்குறைய 1,700 வாட். இன்வெர்ட்டர் தனக்கென்று கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். அதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 2,000 வாட் வர வேண்டும். 12 வோல்ட்டில் அது 167 ஆம்பியர். 24-இல் 83. 48-இல் 42.

பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்குப் போக இரண்டு மீட்டர், திரும்ப இரண்டு மீட்டர் என 25 ஸ்கொயர் எம்எம் செம்புக் கேபிள் போட்டிருக்கிறோம். அந்த நான்கு மீட்டரின் மின்தடை 2.8 மில்லி ஓம். சின்ன எண்தான். ஆனால் 167 ஆம்பியர் ஓடும்போது அதில் கிட்டத்தட்ட அரை வோல்ட் காணாமல் போகிறது, 78 வாட் வெறும் சூடாக மாறுகிறது. அதே கேபிளில் 24 வோல்ட் அமைப்பில் வீணாவது 20 வாட், 48-இல் 5 வாட். வோல்ட்டை இரட்டிப்பாக்கினால் கரண்ட் பாதியாகிறது, கேபிளில் வீணாவது கால்வாசியாகிறது. ஏனெனில் வீணாகும் சக்தி கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது.

78 வாட் போனால் போகட்டும் என்று நினைக்கலாம். உண்மையான சிக்கல் மோட்டார் கிளம்பும் நொடியில் வருகிறது. ஓடும்போது 600 வாட் எடுக்கும் அரை எச்.பி. மோட்டார், கிளம்பும்போது குறைந்தது மூன்று மடங்கு இழுக்கும். அந்த நொடியில் பேட்டரியிலிருந்து 3,400 வாட் வரை போகும். 12 வோல்ட்டில் அது 280 ஆம்பியரைத் தாண்டும். கேபிளில் 0.8 வோல்ட் விழும், பேட்டரியின் உள்தடையில் இன்னொரு 0.35 வோல்ட் விழும். பாதி இறங்கிய பேட்டரி 12 வோல்ட்டில் நிற்கிறது என்றால் இன்வெர்ட்டரின் வாயில் போய்ச் சேருவது 10.8 வோல்ட். பெரும்பாலான 12 வோல்ட் இன்வெர்ட்டர்கள் 10.5 வோல்ட்டை ஒட்டி நின்றுவிடும். ஒரு லக் சரியாக இறுகவில்லை என்றாலோ, முனையில் பச்சை பூத்திருந்தாலோ அந்த 0.3 வோல்ட் இடைவெளியும் போய்விடும். பேட்டரி பாதி நிறைந்திருந்தும் மோட்டார் போட்டதும் வீடு இருண்டுபோகிறது என்று சொல்கிறவர்களுக்குப் பல நேரம் இதுவே காரணம். பேட்டரியைக் குறைசொல்லி மாற்றியும் பயன் இருக்காது.

இதே கணக்கை 48 வோல்ட்டில் போட்டுப் பாருங்கள். கரண்ட் 71 ஆம்பியர். கேபிளும் பேட்டரியும் சேர்ந்து 1.6 வோல்ட் விழும். 48 வோல்ட் 46.4 ஆகும். இன்வெர்ட்டர் நிற்பதோ 42 வோல்ட்டில். பேட்டரிக்குள் விழும் விகிதம் இரண்டிலும் ஒன்றுதான். கேபிளிலும் இணைப்புகளிலும் விழுவதுதான் 48 வோல்ட்டில் பொருட்டே இல்லாமல் போகிறது.

பேனல் பக்கமும் இதே கதைதான். இந்த வீட்டுக்கு 1,000 வாட் பேனல் வேண்டும். சார்ஜ் கன்ட்ரோலர்கள் ஆம்பியர் கணக்கில் விற்கப்படுகின்றன. 12 வோல்ட் பேட்டரிக்கு 1,000 வாட்டை ஏற்ற 80 ஆம்பியர் கன்ட்ரோலர் தேவைப்படும். 48 வோல்ட்டுக்கு 20 அல்லது 30 ஆம்பியர் போதும். விலை வித்தியாசம் கடையிலேயே தெரிந்துவிடும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பேனலின் வோல்ட் பேட்டரியின் சார்ஜ் வோல்ட்டைவிட நன்றாக மேலே இருக்க வேண்டும். 40 வோல்ட்டில் வேலை செய்யும் 500 வாட் பேனல் ஒன்றால் 48 வோல்ட் பேட்டரியை ஏற்ற முடியாது. இரண்டு பேனல்களை சீரிஸில் போட்டு 80 வோல்ட் ஆக்க வேண்டும். சுமை இல்லாதபோது அது 100 வோல்ட் வரை ஏறும். கன்ட்ரோலர் அதைத் தாங்குமா என்று அதன் தகட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொதுவாக நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். தொடர்ந்து ஓடும் சுமையில் பேட்டரிக் கேபிளில் 100 ஆம்பியரைத் தாண்டக்கூடாது. இதன்படி 1,000 வாட் வரைக்கும் 12 வோல்ட் போதும். நான்கு விளக்கு, இரண்டு ஃபேன், ஒரு டி.வி. என்று மின்வெட்டுக்காக மட்டும் வைக்கும் வீட்டு இன்வெர்ட்டருக்கு ஒற்றைப் பேட்டரியே சரி. அங்கே 48 வோல்ட் தேடுவது வீண் செலவு. 2,000 வாட் வரை 24 வோல்ட். அதற்கு மேலோ, மோட்டார் இருந்தாலோ, 48. தோப்பு வீட்டின் சுமை 24-க்கும் 48-க்கும் இடையில் நிற்கிறது. மோட்டார் இருப்பதால் நான் 48-ஐத்தான் தேர்ந்தெடுப்பேன். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நான்கு பேட்டரிகளும் ஒரே வரிசையில் நிற்கும், பேரலலே தேவைப்படாது.

பேரலல் ஏன் தொல்லை?

இரண்டு பேட்டரிகளைப் பேரலலில் போட்டால் சுமையை ஆளுக்குப் பாதியாகச் சுமக்கும் என்று நம்புகிறோம். கேபிளைத் தவறான இடத்தில் எடுத்தால் அப்படி நடப்பதில்லை. இன்வெர்ட்டருக்குப் போகும் பிளஸ், மைனஸ் இரண்டையும் முதல் பேட்டரியிலிருந்தே எடுத்தோம் என்று வையுங்கள். ஒவ்வொரு பேட்டரியின் உள்தடை 5 மில்லி ஓம். இரண்டாவது பேட்டரியின் கரண்ட் இணைப்புக் கேபிள்களையும் நான்கு லக்குகளையும் தாண்டி வர வேண்டும். அது இன்னொரு 1 மில்லி ஓம். 100 ஆம்பியர் எடுத்தால் முதல் பேட்டரி 54.5 ஆம்பியர் கொடுக்கும், இரண்டாவது 45.5. சார்ஜ் ஏறும்போதும் இப்படியேதான். தினமும் அதிகம் உழைக்கும் முதல் பேட்டரி சீக்கிரம் தேய்கிறது. மூன்று, நான்கு என்று பேரலலில் கூடக் கூடக் கடைசிப் பேட்டரிக்கு இன்னும் குறைவாகத்தான் வேலை கிடைக்கும்.

இரண்டு வரிசைகள் என்றால் தீர்வு எளிது. பிளஸ்ஸை முதல் வரிசையிலிருந்தும் மைனஸை இரண்டாவது வரிசையிலிருந்தும் எடுங்கள். குறுக்காக எடுக்கும்போது இரண்டு பாதைகளின் மின்தடையும் சமமாகிவிடும். இரண்டு வரிசைகளுக்கு மேல் போகும் கட்டாயம் வந்தால் குறுக்கு இணைப்பும் முழுச் சமத்தைத் தராது. அப்போது தடித்த செம்புப் பட்டை இரண்டை வைத்து, ஒவ்வொரு வரிசையிலிருந்தும் ஒரே நீளக் கேபிளைப் பட்டைக்குக் கொண்டுவர வேண்டும். அந்த நிலைக்குப் போவதைவிடப் பெரிய ஏ.எச். பேட்டரிகளாக வாங்கி வரிசைகளின் எண்ணிக்கையைக் குறைப்பதே நல்லது.

பேரலலில் ஒவ்வொரு வரிசைக்கும் தனி ஃபியூஸ் வேண்டும். ஒரு பேட்டரிக்குள் ஒரு செல் ஷார்ட் ஆனால், நல்ல வரிசைகள் தங்கள் கரண்டை எல்லாம் அந்தக் கெட்ட பேட்டரிக்குள் கொட்டும். அதைத் தடுக்க இன்வெர்ட்டர் பக்கத்தில் உள்ள பொது ஃபியூஸால் முடியாது. அந்தக் கரண்ட் அந்த வழியாகப் போவதே இல்லை.

பேரலலுக்கு ஒரு நன்மை உண்டு, அதை மறைக்கக்கூடாது. ஒரு வரிசை கெட்டாலும் அதைக் கழற்றிவிட்டு மற்றதை வைத்து வீட்டை ஓட்டலாம். ஒற்றை வரிசை 48 வோல்ட்டில் ஒரு பேட்டரி போனால் எல்லாம் நின்றுவிடும். பழுதுபார்க்க ஆள் வர நாள் கணக்கில் ஆகும் மலைக்காட்டு வீடாக இருந்தால், 24 வோல்ட்டில் இரண்டு வரிசை என்பதும் யோசிக்கத்தக்க முடிவே.

சீரிஸில் கவனிக்க வேண்டியது

சீரிஸில் நான்கு பேட்டரிகளிலும் ஒரே கரண்ட் ஓடும். ஆகவே பங்கீட்டுச் சண்டை இல்லை. ஆனால் சார்ஜ் கன்ட்ரோலருக்கும் இன்வெர்ட்டருக்கும் தெரிவது மொத்த வோல்ட் மட்டும்தான். அதற்குள் யார் எவ்வளவு என்பது அவற்றுக்குத் தெரியாது.

சார்ஜ் முடியும் வோல்ட் 57.6 என்று வைத்திருக்கிறோம், பேட்டரிக்கு 14.4 வீதம். ஒரு பேட்டரியில் ஒரு செல் ஷார்ட் ஆகி அது 12 வோல்ட்டுக்கு மேல் ஏறவில்லை என்றால், கன்ட்ரோலர் மீதியை மற்ற மூன்றின் தலையில் கட்டும். ஒவ்வொன்றும் 15.2 வோல்ட் வாங்கும். அவை கொதிக்கும், தண்ணீர் வேகமாகக் குறையும். மூன்று பேட்டரிகளில் அடிக்கடி டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டியிருந்து, ஒன்றில் மட்டும் மட்டம் இறங்கவே இல்லை என்றால், கெட்டது அந்த ஒன்றுதான். தண்ணீர் குடிக்காததை நல்லது என்று நினைத்து ஏமாறாதீர்கள்.

இறங்கும்போது நடப்பது இன்னும் கொடுமை. இன்வெர்ட்டர் 42 வோல்ட்டில் நிற்கும். மூன்று நல்ல பேட்டரிகள் 11.6 வோல்ட்டில் இருந்தால் அவை மட்டுமே 34.8 வோல்ட். பலவீனமான நான்காவது 7.5 வோல்ட்டுக்குச் சரிந்திருந்தாலும் மொத்தம் 42.3 என்றுதான் காட்டும். இன்வெர்ட்டர் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். அந்தப் பேட்டரியின் செல்கள் முழுதும் காலியாகி, அவற்றின் வழியே ஓடும் கரண்டால் பிளஸ் மைனஸ் தலைகீழாகவும் மாறலாம். அப்படி மாறிய செல் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது.

ஆகவே 48 வோல்ட் வைத்தவர் மாதம் ஒருமுறை மல்டிமீட்டரை எடுக்கத்தான் வேண்டும். நல்ல வெயில் நாளில் சார்ஜ் முடியும் நேரத்தில் நான்கு பேட்டரிகளையும் தனித்தனியே அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். இரவில் சுமை ஓடும்போது இன்னொரு முறை. ஒன்றுக்கும் மற்றவற்றுக்கும் 0.3 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அதைக் கண்காணிக்கத் தொடங்குங்கள். ஹைட்ரோமீட்டர் இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். முழுச் சார்ஜில் டியூபுலர் பேட்டரியின் செல்கள் 1.240-ஐ ஒட்டி நிற்க வேண்டும். ஒரு செல் மட்டும் 0.030 குறைந்து நின்றால் அந்தப் பேட்டரியைக் கழற்றித் தனியாக 12 வோல்ட் சார்ஜரில் முழுக்க ஏற்றிப் பாருங்கள். அப்போதும் எழவில்லை என்றால் கடைக்காரரைக் கூப்பிட வேண்டியதுதான். இந்த வித்தியாசத்தைத் தானாகச் சமன்செய்யும் பேட்டரி பேலன்சர் என்ற சிறு கருவியும் கிடைக்கிறது. அது நல்ல துணைதான், ஆனால் செத்த செல்லுக்கு உயிர் கொடுக்காது.

ஆரோக்கியமான வரிசையைக் கெடுக்கும் பழக்கம் ஒன்று உண்டு. 48 வோல்ட் வரிசையில் கடைசிப் பேட்டரியின் இரண்டு முனையிலிருந்தும் ஒயர் இழுத்து, 12 வோல்ட் விளக்கையோ வைஃபை கருவியையோ அதில் போட்டுவிடுவார்கள். 10 வாட் கருவிதானே என்று தோன்றும். நாள் முழுதும் ஓடினால் 240 வாட்-மணி, அந்த ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 20 ஏ.எச். தினமும் கூடுதலாக இறங்கும். மற்ற மூன்றும் நிறைந்ததும் சார்ஜ் நின்றுவிடும், இது நிறையாது. சில வாரங்களில் அந்தப் பேட்டரி பலவீனமாகி, மேலே சொன்ன கதை தொடங்கும். 12 வோல்ட் வேண்டுமென்றால் 48-லிருந்து 12-க்கு இறக்கும் டிசி கன்வெர்ட்டரை முழு வரிசைக்கும் குறுக்கே போடுங்கள்.

கட்டும் முறை

நான்கும் ஒரே நிறுவனம், ஒரே மாடல், ஒரே ஏ.எச்., முடிந்தால் ஒரே மாதத் தயாரிப்பு. கட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் தனியாக முழுச் சார்ஜ் ஏற்றிவிடுங்கள். மோதிரம், வளையல், செயின் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். ஸ்பானரின் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். 48 வோல்ட்டில் உலர்ந்த கைக்கு ஷாக் அபாயம் குறைவு. ஆனால் ஸ்பானர் இரண்டு முனைகளைத் தொட்டால் 150 ஏ.எச். பேட்டரி 2,000 ஆம்பியருக்கு மேல் கக்கும். இரும்பு உருகித் தெறிக்கும். காற்றோட்டமும் முக்கியம். சார்ஜின்போது வெளியேறும் ஹைட்ரஜனை ஒரு பொறி பற்றவைத்துவிடும்.

முதல் பேட்டரியின் மைனஸ் இரண்டாவதன் பிளஸ்ஸுக்கு, இரண்டாவதன் மைனஸ் மூன்றாவதன் பிளஸ்ஸுக்கு என்று மூன்று இணைப்புகள். மிஞ்சும் பிளஸ்ஸும் மைனஸும்தான் வெளியே போகும் முனைகள். எதையும் இன்வெர்ட்டரில் மாட்டுவதற்கு முன் இந்த இரண்டுக்கும் நடுவே அளந்து பாருங்கள். 50 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். 25 வோல்ட் என்று காட்டினால் ஒரு பேட்டரியைத் தலைகீழாக மாட்டியிருக்கிறீர்கள்.

பிளஸ் கேபிளில், பேட்டரிக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் 100 ஆம்பியர் டிசி ஃபியூஸ், அதையடுத்து டிசி பிரேக்கர். வீட்டு ஸ்விட்ச் போர்டில் போடும் சாதாரண எம்.சி.பி.யை இங்கே போடாதீர்கள். ஏசியில் கரண்ட் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் தீப்பொறி தானே அணையும். டிசியில் அப்படி அணையாமல் பொறி நீண்டு எரிந்து பிரேக்கரையே உருக்கிவிடும். பிரேக்கரை மேலே தூக்கும்முன் எல்லா லக்குகளையும் மீண்டும் ஒருமுறை இறுக்குங்கள். கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியை மாட்டி அதன்பிறகே பேனலை மாட்ட வேண்டும். கழற்றும்போது பேனல் முதலில்.

ஒரு வாரம் ஓடிய பிறகு, மோட்டாரும் மிக்ஸியும் ஓடும்போது மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து ஒவ்வொரு இணைப்புக் கேபிளின் இரு நுனிகளையும் அளந்து பாருங்கள். மூன்றும் ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் இரட்டிப்பாகக் காட்டினால் அந்த லக் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வாங்குவதாக இருந்தால் இந்தக் கணக்கில் ஒரு மாற்றம் உண்டு. ஒவ்வொரு பேட்டரிக்குள்ளும் பி.எம்.எஸ். என்ற காவல் பலகை இருக்கிறது. சீரிஸில் எத்தனை பேட்டரிகள் வரை அது தாங்கும் என்று தயாரிப்பாளர் எழுதியிருப்பார். சில பேட்டரிகளை சீரிஸில் போடவே கூடாது. 48 வோல்ட் வேண்டுமென்றால் நான்கு 12 வோல்ட் லித்தியத்தைக் கோப்பதைவிட, பதினாறு செல்களும் ஒரே பி.எம்.எஸ்.ஸும் உள்ள 51.2 வோல்ட் பேட்டரி ஒன்றை வாங்குவது மேல்.

கடைசியாக, கடைக்குப் போகும் முன் ஒரு வார்த்தை. இரண்டு ஆண்டுகள் கழித்து இன்னும் கொஞ்சம் சேமிப்பு வேண்டும் என்று தோன்றினால், பழைய நான்கோடு புதிய நான்கைப் பேரலலில் சேர்க்கும் ஆசை வரும். பழையவற்றின் உள்தடை கூடியிருக்கும், கொள்ளளவு குறைந்திருக்கும். புதியவை அதிகம் சுமந்து சீக்கிரமே பழையவற்றின் நிலைக்கு வந்துவிடும். ஆகவே மூன்று ஆண்டுக்குப் பிறகு வீட்டில் என்னென்ன ஓடும் என்பதை இப்போதே எழுதி, அதற்கேற்ற ஏ.எச்.சை இப்போதே வாங்குங்கள். 150-க்குப் பதில் 200 ஏ.எச். பேட்டரி நான்கை ஒரே வரிசையாகக் கட்டினால் 9.6 யூனிட் கிடைக்கும். கேபிளும் ஃபியூஸும் இன்வெர்ட்டரும் அப்படியே இருக்கலாம்.